முதலும் மாதமும்: கூட்டு வியாபாரத்தில் ஆண்டு லாபத்தைப் பிரிக்கும் முறை

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பியும் மிளகும் வாங்கி விற்கும் கடையை இரண்டு மூன்று பேர் சேர்ந்து போடுவது உண்டு. ஆரம்பிக்கும்போது பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும்: "அவங்கவங்க போட்ட பணத்துக்குத் தக்க லாபம், சரிதானே?" எல்லோரும் தலையாட்டுவார்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்க உட்காரும்போதுதான் கேள்வி வரும். எந்தத் தேதியில் இருந்த பணத்துக்குத் தக்க? ஏப்ரலில் போட்டதா, மார்ச்சில் மிச்சம் இருப்பதா? நடுவில் ஒருவர் எடுத்திருப்பார், இன்னொருவர் போட்டிருப்பார்.

எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் சட்டம் யாருடைய பணத்தையும் எண்ணிப் பார்க்காது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை லாபமும் நட்டமும் பங்குதாரர்களுக்குச் சமம். ஆறு லட்சம் போட்டவருக்கும் இரண்டு லட்சம் போட்டவருக்கும் ஒரே தொகை. அதே பிரிவின்படி, கடையில் நாள் முழுக்க நிற்கிறவருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. ஆகவே போட்ட முதலையும் அது கடையில் நின்ற மாதங்களையும் வைத்துப் பிரிக்க வேண்டுமென்றால் அதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். எப்படிக் கணக்குப் போடுவது, எங்கே இடறும் என்பதை ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்த்துவிடலாம். கடையும் தொகைகளும் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

கடையும் மூன்று பேரும்

மூன்று பேர் கூட்டு. ஒருவர் கடைக்காரர், தினமும் தராசு பிடிப்பவர். இரண்டாமவர் தோட்டக்காரர், சொந்தக் காப்பித் தோட்டம் உள்ளவர், கையில் பணம் இருக்கிறது, கடைக்கு எப்போதாவது வருவார். மூன்றாமவர் வண்டிக்காரர், மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் சரக்கு இறக்குபவர்.

ஏற்கெனவே நடக்கும் இந்தக் கடையில் ஏப்ரல் 1 அன்று கடைக்காரரின் முதல் 4 லட்சம், தோட்டக்காரரின் முதல் 6 லட்சம், வண்டிக்காரரின் முதல் 2 லட்சம் நிற்கிறது. அக்டோபர் 1 அன்று தோட்டக்காரர் மகள் கல்யாணத்துக்காக 2 லட்சம் எடுக்கிறார். காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாகும் நேரத்தில், டிசம்பர் 1 அன்று, வண்டிக்காரர் மேலும் 3 லட்சம் கொண்டுவந்து கொடுக்கிறார். மார்ச் 31 அன்று கணக்கு முடிகிறது.

முதலில் எது முதல் என்று பிரியுங்கள்

பெருக்கல் எல்லாம் அப்புறம். கடைக்குள் வந்த பணம் எல்லாமே முதல் அல்ல, வெளியே போனது எல்லாமே முதலைக் குறைப்பதும் அல்ல. இதைப் பிரிக்காமல் பெருக்க உட்கார்ந்தால் விடை எவ்வளவு துல்லியமாக வந்தாலும் பயன் இல்லை.

பேரேட்டில் ஒவ்வொரு பங்குதாரர் பெயரிலும் இரண்டு பக்கம் திறந்துகொள்ளுங்கள். ஒன்று முதல் கணக்கு. மற்றது நடப்புக் கணக்கு. முதல் கணக்கில் பெரிய தொகைகள் மட்டும், மூன்று பேருக்கும் தெரிந்து, தேதியோடு ஏறும், இறங்கும். வீட்டுச் செலவுக்கு அவ்வப்போது கல்லாவிலிருந்து எடுக்கும் இரண்டாயிரம், ஐயாயிரம் எல்லாம் நடப்புக் கணக்கில் பற்றாக ஏறும். ஆண்டு முடிவில் அவரவர் லாபப் பங்கிலிருந்து அது கழியும், அவ்வளவுதான். இந்தச் சில்லறை எடுப்புகளுக்கு மாதக் கணக்கு பார்க்க ஆரம்பித்தால் கூட்டு நடத்த நேரம் இருக்காது. ஆனால் ஒரு வரம்பு வேண்டும். உதாரணமாக, ஒருவரின் நடப்புக் கணக்குப் பற்று 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகை அடுத்த மாதத்திலிருந்து முதலில் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். வரம்பு இல்லாவிட்டால், முதலை எடுத்த தோட்டக்காரருக்குப் பங்கு குறையும், அதே இரண்டு லட்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாவிலிருந்து எடுத்தவருக்குக் குறையாது. எடுக்கத் தெரிந்தவர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கடனா முதலா என்ற கேள்வி. வண்டிக்காரர் டிசம்பரில் கொடுத்த 3 லட்சம் எதுவென்று அன்றைக்கே சொல்லவில்லையென்றால், மார்ச்சில் இரண்டு தரப்பும் தங்களுக்கு வசதியானதைச் சொல்லும். ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒரு பங்குதாரர் முன்பணமாகக் கொடுத்த தொகைக்குச் சட்டம் ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி தருகிறது. நான்கு மாதத்துக்கு 3 லட்சத்துக்கு வட்டி 6,000 ரூபாய். அதையே முதலாக எடுத்தால் அந்த 3 லட்சம் மட்டும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம், வித்தியாசம் பெரிது. அதற்காகக் கொடுக்கிற பணத்தையெல்லாம் முதல் என்று எழுதச் சொல்லவில்லை. கடன் என்றால் நட்டத்திலும் வட்டியோடு திரும்பி வர வேண்டிய பணம். முதல் என்றால் நட்டத்தைச் சுமக்கிற பணம். கொடுக்கிறவர் அன்றைக்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மார்ச்சில் லாபத்தைப் பார்த்துவிட்டு அல்ல.

பணத்துக்குப் பதில் சரக்காகப் போட்டாலும் முதல்தான். தோட்டக்காரர் பத்து மூட்டை பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் காயவைத்த காப்பி இறக்கினால், இறக்கிய அன்றைய விலையை எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தொகையை முதலில் ஏற்ற வேண்டும். வண்டிக்காரரின் வண்டி கதை வேறு. வண்டி அவர் பெயரிலேயே இருந்து கடைக்கு ஓடினால் அது முதல் அல்ல. அதற்கு வாடகை கொடுங்கள், வாடகை கடைச் செலவில் போகட்டும்.

மாதம் மாதமாக எழுதிப் பெருக்குவது

ஒரு லட்சம் ரூபாய் ஒரு மாதம் கடையில் நின்றால் அதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும், முதல் மாறாமல் நின்ற காலத்தைத் துண்டு துண்டாக எடுத்து, தொகையை மாதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

| பங்குதாரர் | கணக்கு | அலகு |
|---|---|---|
| கடைக்காரர் | 4 × 12 | 48 |
| தோட்டக்காரர் | (6 × 6) + (4 × 6) | 60 |
| வண்டிக்காரர் | (2 × 8) + (5 × 4) | 36 |
| மொத்தம் | | 144 |

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டிக்காரருக்கு 2 × 8, 3 × 4 என்று போட்டு 28 என்று முடித்துவிடுவார்கள். டிசம்பரில் வந்தது 3 லட்சம்தான், ஆனால் பழைய 2 லட்சம் எங்கும் போகவில்லை, அதுவும் அந்த நான்கு மாதம் நிற்கிறது. மேலே செய்ததுபோல மீதியைப் பெருக்கினால் 2 × 8, 5 × 4. வந்ததை மட்டும் பெருக்குவதென்றால் 2 × 12, 3 × 4. இரண்டிலும் 36 வரும். ஒரு முறையில் தொடங்கி இன்னொரு முறையில் முடிக்கிறபோதுதான் கெடுகிறது.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்கக் குறுக்கே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடையில் மூவரின் மொத்த முதல் 12 லட்சம், ஆறு மாதம், 72 அலகு. அக்டோபர், நவம்பரில் 10 லட்சம், 20 அலகு. டிசம்பர் முதல் மார்ச் வரை 13 லட்சம், நான்கு மாதம், 52 அலகு. கூட்டினால் 144. ஆள்வாரியாகப் போட்டதும் காலவாரியாகப் போட்டதும் ஒத்துப்போனால் பெருக்கலில் பிழை இல்லை. மேலே சொன்ன 28ஐப் போட்டிருந்தால் ஆள்வாரி மொத்தம் 136 என்று நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

அலகுகளை 12ஆல் வகுத்தால் அந்த ஆண்டில் ஒவ்வொருவரின் சராசரி முதல் கிடைக்கும்: 4 லட்சம், 5 லட்சம், 3 லட்சம், ஆக 12 லட்சம். சதவீதத்தில் 33.33, 41.67, 25. கணக்கில் பிடிப்பில்லாத பங்குதாரருக்கு விளக்க இதுவே வசதி. "உங்கள் பணம் சராசரியாக வருஷம் முழுக்க மூன்று லட்சம் நின்றதற்குச் சமம்" என்றால் உடனே புரிந்துவிடும்.

கணினியிலோ போனிலோ போடுகிறவர்கள் துண்டு பிரிக்காமல் மாதம் ஒரு வரியாக எழுதலாம். A பத்தியில் ஏப்ரல் முதல் மார்ச் வரை, B, C, D பத்திகளில் அந்தந்த மாதம் நின்ற முதல், 2 முதல் 13 வரையான வரிகளில். பிரிக்க வேண்டிய லாபம் F1 கட்டத்தில்.

```
B14:  =SUM(B2:B13)
B15:  =B14/SUM($B$14:$D$14)
B16:  =ROUND($F$1*B15,0)
```

இந்த மூன்றையும் C, D பத்திகளுக்கு இழுத்துவிட்டால் போதும். ரூபாய்க்கு முழுமையாக்குவதால் ஒரு ரூபாய் இடிக்கலாம், அதை யாராவது ஒருவர் பங்கில் சேர்த்துவிடுங்கள்.

பிரிக்க வேண்டிய லாபம் எது

பிரிக்க வேண்டியது கல்லாவில் இருக்கும் பணம் அல்ல. கடைக்காரரின் உழைப்புக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று முன்பே எழுதியிருக்கிறார்கள் என்று வைப்போம். வாடகை, கூலி, வண்டி வாடகை, வங்கி வட்டி எல்லாம் போன பிறகு, இந்த 1,20,000 ரூபாயும் போக வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல், மாதக் கணக்கில் உழைப்புக்கு இடமே இல்லை. பணம் மட்டும் போட்டவருக்கும் விடிகாலையில் களத்தில் நிற்பவருக்கும் ஒரே அளவுகோல் ஆகிவிடும். உழைப்பைச் சம்பளத்தால் தீர்த்துவிட்டு, மிச்சத்தை முதலால் பிரிப்பதுதான் இந்த முறைக்குப் பொருந்தும். உழைப்புக்காகப் பொய்யாக இரண்டு லட்சம் கூடுதல் முதல் என்று எழுதிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, கூட்டைக் கலைக்கிற அன்றைக்கு அந்த இல்லாத இரண்டு லட்சத்தை அவர் திருப்பிக் கேட்பார்.

அப்புறம் வரி. கூட்டு நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது, லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத கூடுதல் வரி. காப்பியை வாங்கி விற்பது விவசாய வருமானம் ஆகாது என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை. தோட்டக்காரரின் சொந்தத் தோட்ட வருமானத்தையும் இந்தக் கடை லாபத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிறுவனம் வரி கட்டிய பிறகு பிரித்துக் கொடுக்கும் லாபப் பங்குக்குப் பங்குதாரர் கையில் மறுபடி வரி இல்லை. சம்பளத்துக்கு உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி ஆகியவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக் கட்டவும் வேண்டும். கடைக்காரர் சம்பளம் 1,20,000 என்றால் பிடித்தம் 12,000. வரியைக் கழிக்காமல் முதலிலேயே பிரித்துக்கொண்டால், கட்டவேண்டிய நாளில் மூவரிடமும் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

செலவு, சம்பளம், வரி எல்லாம் போக நம் கடையில் மிஞ்சியது 3,60,000 ரூபாய் என்று வைப்போம்.

பிரிப்பு

3,60,000ஐ 144ஆல் வகுத்தால் ஓர் அலகுக்கு 2,500 ரூபாய். அதாவது ஒரு லட்சம் ஒரு மாதம் நின்றதற்குக் கடை கொடுத்தது 2,500. கடைக்காரருக்கு 48 அலகு, 1,20,000 ரூபாய். தோட்டக்காரருக்கு 60 அலகு, 1,50,000. வண்டிக்காரருக்கு 36 அலகு, 90,000. மொத்தம் 3,60,000.

இதே தொகையை வேறு விதமாகப் பிரித்திருந்தால் எப்படி இருக்கும் என்று வண்டிக்காரர் பக்கமிருந்து பாருங்கள். ஏப்ரல் 1 முதலை வைத்து 4:6:2 என்று பிரித்தால் அவருக்கு 60,000தான், டிசம்பரில் போட்ட பணத்துக்கு ஒன்றுமில்லை. மார்ச் 31 மீதியை வைத்து 4:4:5 என்றால் 1,38,462 ரூபாய். நான்கு மாதம் நின்ற பணம் ஆண்டு முழுக்க நின்றதுபோல ஆகிவிடும், தோட்டக்காரர் முதல் ஆறு மாதம் கூடுதலாக வைத்திருந்த 2 லட்சம் கணக்கிலேயே வராது. ஒன்றுமே எழுதாமல் சட்டப்படி சமமாகப் பிரித்தால் 1,20,000. ஒரே ஆள், ஒரே கடை, நான்கு விடை.

கடனா முதலா என்று மேலே விட்ட இடத்துக்கு வருவோம். டிசம்பரில் வந்த 3 லட்சம் கொண்டுவந்தது 12 அலகு, 30,000 ரூபாய். அது கடனாக இருந்திருந்தால் வட்டி 6,000. அப்போது வரியில் வரும் சிறு மாற்றத்தை விட்டுவிட்டால், மிச்சம் 3,54,000ஐ 132 அலகுகளுக்குப் பிரித்து, வண்டிக்காரரின் 24 அலகுக்கு ஏறத்தாழ 64,364 ரூபாயும் வட்டியும் சேர்த்து 70,364 வரும். முதல் என்றால் 90,000. இந்த இருபதாயிரத்துக்காகத்தான் மார்ச்சில் சண்டை வரும்.

தேதி நடுவில் விழுந்தால்

நம் உதாரணத்தில் பணம் எடுத்ததும் போட்டதும் ஒன்றாம் தேதியில். நிஜத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. வண்டிக்காரர் அந்த 3 லட்சத்தை டிசம்பர் 20 அன்று கொடுத்தார் என்று வைப்போம். வழக்கமான ஏற்பாடு, 15ஆம் தேதிக்குள் வந்தால் அந்த மாதம் முழுவதும் சேரும், பிறகு வந்தால் அடுத்த மாதத்திலிருந்து. அப்படியென்றால் அந்த 3 லட்சத்துக்கு மூன்று மாதம்தான், 9 அலகு. வண்டிக்காரருக்கு மொத்தம் 33, மூவருக்கும் 141. அவர் பங்கு 84,255 ரூபாய்.

நாள் கணக்கில் போட்டால் டிசம்பர் 20 முதல் மார்ச் 31 வரை, கொடுத்த நாளையும் சேர்த்து, 102 நாள். மூவருக்கும் லட்சம், நாள் என்று பெருக்கினால் கடைக்காரருக்கு 1,460, தோட்டக்காரருக்கு 1,826, வண்டிக்காரருக்கு 1,036. இப்போது அவர் பங்கு 86,293. வித்தியாசம் இரண்டாயிரம் சொச்சம்.

இந்த அளவு வித்தியாசத்துக்கு மாதக் கணக்கே போதும் என்பது என் எண்ணம். பெரிய தொகை அடிக்கடி ஏறி இறங்குகிற கடை என்றால் மட்டும் நாள் கணக்குக்குப் போங்கள். 15ஆம் தேதி விதியில் ஒரு ஓட்டை உண்டு. 14ஆம் தேதி போட்டு அடுத்த மாதம் 16ஆம் தேதி எடுத்தால் ஒரு மாதத்துக்கு இரண்டு மாதப் பங்கு. ஆகவே எடுக்கிறவருக்கு மட்டும் விதியைத் திருப்பி எழுதுங்கள்: எந்தத் தேதியில் எடுத்தாலும் அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே எடுத்ததாகக் கொள்ளப்படும். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும், மாத முதல் தேதியில் எடுக்கப் பழகிவிடுவார்கள்.

காப்பிக்கே உரிய சிக்கல்: மார்ச் 31இல் நிறைந்திருக்கும் குடோன்

இதுவரை சொன்னது மளிகைக் கடைக்கும் பொருந்தும். மாதா மாதம் ஓரளவு சமமாக லாபம் வருகிற இடத்தில் முதல், மாதக் கணக்கு நியாயமாகவே இருக்கும். மலைச்சரக்கில் அப்படி இல்லை. அராபிகாப் பழம் நவம்பர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பார்கள், அதை ஒட்டி மிளகு வரும். வாங்குவது எல்லாம் அந்த நான்கைந்து மாதத்தில். விற்பது அதன் பிறகு, விலை பார்த்து, மெல்ல மெல்ல. மார்ச் 31 அன்று கணக்கு முடிக்கும்போது குடோன் நிறைய மூட்டை இருக்கும், லாபம் இன்னும் பிறந்திருக்காது.

அப்படியென்றால் இந்த ஆண்டுக் கணக்கில் வந்த 3,60,000 எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி போன பறிப்பில் வாங்கி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விற்ற சரக்கிலிருந்து. அந்த மாதங்களில் தோட்டக்காரரின் 6 லட்சம் உள்ளே இருந்தது, வண்டிக்காரரின் 3 லட்சம் இல்லை. டிசம்பரில் வந்த 3 லட்சம் வாங்கிய பார்ச்மென்ட் இன்னும் மூட்டையில்தான். அதாவது வண்டிக்காரர் தன் பணம் சம்பாதிக்காத லாபத்தில் 30,000 வாங்கியிருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அவர் ஏப்ரல் 1 அன்று அந்த 3 லட்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். ஜூனில் அதே சரக்கு 3,80,000க்கு விற்று 80,000 லாபம் தருகிறது. அது அடுத்த ஆண்டுக் கணக்கு. அதில் அவருக்கு 2 லட்சத்துக்கான அலகுகள்தான். "மாமா, என் பணத்துல வாங்குன சரக்குதானே அது?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆண்டை வெட்டிய இடம்தான் பறிப்புக் காலத்தோடு பொருந்தவில்லை.

இதற்கு எளிய குறுக்குவழி என்று சிலர் செய்வது, மார்ச் 31 அன்று குடோன் சரக்கை அன்றைய சந்தை விலைக்கு எழுதி, வராத லாபத்தை இந்த ஆண்டிலேயே பிரித்துக்கொள்வது. செய்யாதீர்கள். கைச்சரக்கை வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் எழுத வேண்டும். 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா விலை முன் எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. அந்த மாதிரி உச்ச விலையில் குடோனை மதிப்பிட்டுப் பணத்தைப் பிரித்து எடுத்துப் போன பிறகு விலை இறங்கினால், பிரித்த லாபத்தைத் திருப்பித் தர யார் வருவார்கள்? இறங்கிய நட்டமோ அடுத்த ஆண்டு முதல் வைத்திருப்பவர் தலையில்.

செய்யக்கூடியது இரண்டு உண்டு. ஒன்று, தங்களுக்குள் பிரிக்கும் கணக்கை மட்டும் பறிப்பு ஆண்டுக்கு, அதாவது அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை, வைத்துக்கொள்வது. அரசுக்குக் கொடுக்கும் கணக்கு எப்போதும்போல மார்ச் 31. செப்டம்பர் கடைசியில் குடோன் பெரும்பாலும் காலியாக இருக்கும், வாங்கிய பணம் லாபத்தோடு திரும்பி வந்திருக்கும். அலகு போடும் முறை அதேதான், தொடங்கும் மாதம் மட்டும் மாறும். ஆனால் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்க்க ஆள் வேண்டும், வரித் தொகையை இரு பறிப்பு ஆண்டுகளுக்கும் பங்கிட வேண்டும், சின்னக் கடைக்கு அது சுமை.

இரண்டாவது எளிது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பறிப்புக் காலத்தில் போடும் முதலைச் செப்டம்பர் 30க்கு முன் எடுக்க முடியாது என்று ஒரு பூட்டு. வண்டிக்காரரின் 3 லட்சம் டிசம்பரில் வந்தால், அது அடுத்த செப்டம்பர் வரை நிற்கும், அடுத்த ஆண்டில் அதற்கு மேலும் 18 அலகு கிடைக்கும். சரக்கு விற்கிற வரை பணம் நிற்பதால் முதல் ஆண்டில் கிடைத்த அதிகமும் இரண்டாம் ஆண்டில் பழையவர்கள் விட்டுக்கொடுப்பதும் ஓரளவு ஈடாகும். முழுக்கச் சரியாகாது. முழுக்கச் சரியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சரக்கு வரவுக்கும் தனி லாபக் கணக்கு வைக்க வேண்டும்.

பிரிக்காமல் விட்ட லாபம்

கடைக்காரர் தன் 1,20,000ஐ எடுக்காமல் கடையிலேயே விடுகிறார். அடுத்த ஆண்டில் அவர் முதல் 4 லட்சமா, 5,20,000மா? எழுதியிருந்தால்தான் ஐந்தேகால் லட்சம் பக்கம் போகும், இல்லையென்றால் நடப்புக் கணக்கில் வரவாக நிற்கும், அலகு எதுவும் சம்பாதிக்காது. இதில் தேதியும் முக்கியம். கணக்கு தணிக்கையாகிக் கையெழுத்தாக ஜூன், ஜூலை ஆகிவிடும், ஆனால் லாபம் ஏப்ரல் 1 அன்றே அவருடையது. நான் சொல்வது: கையெழுத்தான பிறகு பதினைந்து நாளுக்குள் ஒவ்வொருவரும் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு முதலில் சேர்ப்பது என்று எழுத்தில் சொல்லட்டும், சேர்ப்பது ஏப்ரல் 1 முதல் சேரட்டும். ஆனால் ஒருவர் மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் மற்றவர்களின் சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், அதனால் இதற்கு உச்ச வரம்பு வைப்பது நல்லது.

நட்டம் வந்தால்

லாபத்துக்கு ஒரு விகிதம் எழுதி, நட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால், நட்டமும் அதே விகிதத்தில் என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். 72,000 ரூபாய் நட்டம் என்றால் அலகுக்கு 500. கடைக்காரர் தலையில் 24,000, தோட்டக்காரருக்கு 30,000, வண்டிக்காரருக்கு 18,000. தோட்டக்காரர் அக்டோபரிலேயே 2 லட்சத்தை எடுத்துவிட்டாலும் அது நின்ற ஆறு மாதத்துக்கான நட்டம் அவரைத் தொடரும். கடைக்காரர் சம்பளமே நட்டத்தை உண்டாக்கியிருந்தால் என்ன செய்வது, முழுச் சம்பளமா பாதியா என்பதையும் எழுதிவிடுங்கள். இந்த விகிதமெல்லாம் உங்களுக்குள்தான். வெளியே காப்பி கொடுத்துவிட்டுப் பணம் வராத விவசாயியோ, கடன் கொடுத்த வங்கியோ மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்றவர்களிடம் அலகு விகிதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகள்

இந்த வாசகத்தைத் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்:

"ஒவ்வொரு பங்குதாரரின் முதல் கணக்கில் ஒவ்வொரு மாதமும் நின்ற தொகைகளின் கூட்டுத்தொகை எந்த விகிதத்தில் உள்ளதோ, அந்த விகிதத்தில், உழைக்கும் பங்குதாரரின் சம்பளமும் நிறுவன வரியும் போக மீதமுள்ள ஆண்டு லாபமும் நட்டமும் பிரிக்கப்படும். மாதத்தின் 15ஆம் தேதி வரை செலுத்திய முதல் அந்த மாதம் முழுவதும் நின்றதாகவும், பிறகு செலுத்தியது அடுத்த மாதத்திலிருந்து நின்றதாகவும், எடுத்த முதல் எடுத்த மாதத்தின் தொடக்கத்திலேயே எடுத்ததாகவும் கொள்ளப்படும். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை செலுத்திய முதலை அடுத்த செப்டம்பர் 30க்கு முன் எடுக்க இயலாது. மூவரும் கையெழுத்திட்டு முதல் என்று குறிக்காத எந்தத் தொகையும் கடனாகவே கருதப்படும்."

இதன் கீழே, தொகை போட்டு ஓர் உதாரணக் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாசகத்துக்கு இரண்டு பொருள் சொல்ல வந்தால் உதாரணம் எது சரி என்று காட்டிவிடும்.

எழுதிய பிறகு ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வரிக்காகக் கூட்டு நிறுவனமாக ஏற்க, ஒவ்வொருவரின் பங்கும் ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் மாறும் பங்கைச் சூத்திரமாக எழுதினால், அதை எந்த நாளிலும் போட்டுப் பார்த்து ஒரே விடை எடுக்க முடிய வேண்டும். சில ஆடிட்டர்கள் வேறு வழி சொல்வார்கள்: லாப விகிதம் மாறாமல் இருக்கட்டும், முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுங்கள் என்பார்கள். வரிக் கணக்கில் செலவாக ஏற்கும் உச்ச வட்டி அதுதான். நம் கடையில் அப்படிச் செய்தால் ஓர் அலகுக்கு 1,000, மொத்தம் 1,44,000 ரூபாய் வட்டியாகப் போய்விடும், மிச்சம் மட்டும் நிலையான விகிதத்தில் பிரியும். முதல் அடிக்கடி ஏறி இறங்கும் கடைக்கு இது ஒத்துவரும். ஆனால் அந்த வட்டி வாங்குபவர் கையில் வரிக்கு உட்பட்டது, லாபப் பங்கைப் போல அல்ல. எந்த வழி ஆதாயம் என்பது மூவரின் மற்ற வருமானத்தைப் பொறுத்தது.

நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு இல்லாவிட்டால், வண்டிக்காரர் இந்த ஒப்பந்தத்தைக் காட்டி "என் 36 அலகுக்கு உரியதைத் தா" என்று மற்ற இருவர் மீதும் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும்தான் முடியும்.